‘இன்னும் கொஞ்சம் அன்பா எழுது’ என்றால் எந்த வரியை மாற்றுவது?

*கோவையில் இனிப்புப் பெட்டி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். எட்டு வருட வாடிக்கையாளரான ஸ்வீட் கடைக்காரர் ஒருவர் தீபாவளிக்கு வாங்கிய பெட்டிகளுக்கு இன்னும் பணம் தரவில்லை. நல்ல மனிதர்தான். போன வருடம் கடைசி நேரத்தில் 2,000 பெட்டி கூடுதலாகக் கேட்டார், எங்கள் ஆட்கள் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்தார்கள், அவர்கள் எல்லோருக்கும் இனிப்பு அனுப்பினார். அவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார் முதலாளி. எழுதினேன். ‘வறட்சியா இருக்கும்மா, கொஞ்சம் அன்பா எழுது’ என்றார். மாற்றினேன். ‘இவ்வளவு நீளமா யார் படிப்பாங்க?’ என்றார். சுருக்கினேன். ‘இதுல அழுத்தமே இல்லையே’ என்றார். அழுத்தமாக எழுதினேன். இப்போது ‘மறுபடியும் வறட்சியா ஆயிடுச்சே’ என்கிறார். நான்கு வரைவையும் இணைத்திருக்கிறேன். எங்கே தவறு செய்கிறேன்? பேசாமல் முதல் கடிதத்தையே அனுப்பிவிடலாமா?*

*— வாசகி, கோவை*

வணக்கம். நான்கு வரைவுகளையும் மேஜையில் வரிசையாக வைத்துப் படித்தேன். தமிழில் உங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து புதுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். அதனால் ஒரு குறையைச் சரிசெய்யும்போதெல்லாம் கையில் இருந்த ஒரு நல்ல விஷயம் நழுவிப் போயிருக்கிறது.

முதல் வரைவில் மூன்று பில் எண்களும், மொத்தம் ரூ.1,84,500 என்ற தொகையும், நவம்பர் 30 என்ற தேதியும் இருந்தன. அன்பாக மாற்றிய இரண்டாவதில் பில் எண்கள் இல்லை. சுருக்கிய மூன்றாவதில் தேதி போய்விட்டது, தொகையும் ‘நிலுவைத் தொகை’ என்று ஆகிவிட்டது. அந்த மூன்றாவதைப் படித்துத்தான் உங்கள் முதலாளி ‘அழுத்தமே இல்லையே’ என்றார். எவ்வளவு, எப்போதைக்குள் என்ற இரண்டும் இல்லாத கடிதத்தில் அழுத்தம் எங்கிருந்து வரும்? அவர் கேட்டது முந்தைய இரண்டு சுற்றில் தொலைந்ததைத்தான். அதைத் திருப்பி வைப்பதற்குப் பதிலாக நீங்கள் ‘உடனடியாக’, ‘கண்டிப்புடன்’, ‘சட்டப்படி கடும் நடவடிக்கை’ என்று சேர்த்தீர்கள். கடிதம் மறுபடி வறண்டது.

நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதித் திருத்திக் கொடுக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். ‘அன்பா’, ‘சுருக்கமா’, ‘அழுத்தமா’ என்ற மூன்று சொல்லையும் கேட்காத வாரம் இல்லை. சொல்கிறவர் தனக்குப் படித்தபோது எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறார். எந்த வரியால் அப்படி ஆனது என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. அந்த வரியைக் கண்டுபிடிப்பது நம் வேலை. கண்டுபிடித்துவிட்டால் கடிதத்தில் ஒன்றிரண்டு இடம் மட்டும்தான் மாறும், மற்றது அப்படியே நிற்கும்.

உங்கள் கடிதத்தை வைத்தே செய்து பார்ப்போம். முதல் வரைவின் முக்கியப் பகுதி இது:

> மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்திற்கு எங்களால் அனுப்பப்பட்ட இனிப்புப் பெட்டிகளுக்கான கீழ்க்கண்ட மூன்று பில்களுக்குரிய தொகை ரூ.1,84,500 இதுநாள்வரை செலுத்தப்படாமல் உள்ளது என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம். மேற்படி தொகையை நவம்பர் 30-ஆம் தேதிக்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இதில் வறட்சி எங்கே இருக்கிறது? கடைசிச் சொல்லைப் பாருங்கள். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ யார் கேட்கிறார்கள்? யாருமே இல்லை. ‘எங்களால் அனுப்பப்பட்ட’, ‘செலுத்தப்படாமல் உள்ளது’ என்பதும் அப்படித்தான். கடிதம் முழுக்க ஆட்களே இல்லை. இது அரசு அலுவலகத்து அறிவிப்புப் பலகையின் குரல். எட்டு வருடமாக உங்கள் முதலாளியோடு போனில் ‘என்னங்க, சௌக்கியமா?’ என்று பேசுகிறவருக்கு இந்தக் குரலில் ஒரு தாள் வந்தால், நடுவில் ஏதோ கசப்பு வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

ஆக, அன்பாக்க வேண்டும் என்றால் முதல் வேலை ஆட்களைத் திரும்பக் கொண்டுவருவது. ‘எங்களால் அனுப்பப்பட்ட’ என்பதை ‘நாங்கள் அனுப்பிய’ ஆக்குங்கள். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்பதை எழுத்து வழக்கிலேயே ‘கேட்டுக்கொள்கிறோம்’ ஆக்கலாம், அல்லது நேராக ‘அனுப்புங்கள்’ என்று அவரிடமே சொல்லலாம். இவ்வளவு செய்தாலே பாதி வறட்சி போய்விடும். ஒரு வரி கூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து ‘தாங்கள்’. இதை மரியாதை என்று நினைத்துத்தான் எல்லோரும் போடுகிறோம், மரியாதைதான். ஆனால் தினமும் ‘நீங்க’ என்று பேசும் ஒருவரிடம் திடீரென்று ‘தாங்கள்’ என்றால் அங்கே மரியாதையை விடத் தூரம்தான் அதிகமாகக் கேட்கும். சில பெரியவர்கள் எழுத்தில் ‘தாங்கள்’ வரவில்லை என்றால் குறையாக எடுத்துக்கொள்வார்கள், அதுவும் உண்டு. இதை நீங்களோ நானோ முடிவுசெய்ய முடியாது. முதலாளியிடம், ‘அவரோட எப்படிப் பேசுவீங்க?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இங்கே ‘நீங்கள்’ சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது வரைவில் நீங்கள் செய்தது வேறு. ஆட்கள் இல்லாத வாக்கியங்களை அப்படியே வைத்துவிட்டு, அவற்றுக்கு மேலே ஆறு வரி நன்றி சேர்த்தீர்கள். ‘எங்கள் நிறுவனத்தின் மீது தாங்கள் தொடர்ந்து காட்டிவரும் அன்பிற்கும் ஆதரவிற்கும் எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ என்று தொடங்குகிறது. இதே வரியைச் சிமெண்ட் கம்பெனி தன் டீலருக்கு அனுப்பலாம், ஜவுளிக்கடை தன் வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். யாருக்கும் அனுப்பக்கூடிய வரி யாரையும் தொடாது. கடன் கேட்கும் கடிதத்தில் இப்படி ஒரு பீடிகை வந்தால், படிக்கிறவர் ‘சரி, பணம் கேட்கப் போறாங்க’ என்று ஆறு வரியையும் தாண்டிக் கீழே போய்விடுவார்.

ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில், போகிற போக்கில், ஒரு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். போன வருடம் 2,000 பெட்டி, இரண்டு ராத்திரி, எல்லோருக்கும் இனிப்பு. இது நான்கு வரைவில் ஒன்றிலும் இல்லை! நீங்கள் தேடிக்கொண்டிருந்த அன்பு அதுதான். நடந்த விஷயம், அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த விஷயம், ஒரே வரியில் சொல்லி முடிக்கக்கூடியது. அதை வைத்தால் அந்த ஆறு வரியையும் எடுத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இரண்டாவது வரைவின் முடிவில் ‘தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்’ என்று இருக்கிறது. செய்து கொடுத்த வேலைக்குக் கூலி கேட்பது தொந்தரவு இல்லை. அன்புக்காக வைத்த வரி என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வரி, கேட்டதே தப்பு என்று ஒப்புக்கொண்டு கடிதத்தை முடிக்கிறது. பின்னால் எவ்வளவு அழுத்தம் சேர்த்தாலும் அது நிற்காது.

இனி சுருக்குவது. ‘நீளமா இருக்கு’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் சொற்களை எண்ணுவதில்லை. எந்த வரியில் விஷயம் வருகிறது என்று எண்ணுவேன். உங்கள் இரண்டாவது வரைவில் தொகை பதினோராவது வரியில் வருகிறது. பணம் பற்றிய கடிதம் என்று தெரிந்தே படிக்கும் முதலாளிக்குக்கூட அவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதுதான் நீளமாகத் தெரிந்தது. விஷயத்தை மூன்றாவது வரிக்குக் கொண்டுவந்துவிட்டால், இருபது சொல் குறைத்தாலே பாதியாகக் குறைத்த மாதிரி இருக்கும்.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். அதனால் ‘தங்கள் நிறுவனத்திற்கு எங்களால் அனுப்பப்பட்ட’ என்று தொடங்கி அடை மேல் அடையாகப் போய்க்கொண்டே இருந்தால், கடைசிவரை என்ன சொல்ல வருகிறீர்கள் என்றே தெரியாது. படிக்கிறவர் எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்துகொண்டு வர வேண்டும். அதை இரண்டாக வெட்டுங்கள். ‘மூன்று பில்களுக்கு ரூ.1,84,500 வர வேண்டியிருக்கிறது’ என்று நிறுத்துங்கள். ‘என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்’ என்ற வால் தேவையே இல்லை. கடிதம் எழுதியதே கவனத்துக்குக் கொண்டுவரத்தானே? ‘அன்பிற்கும் ஆதரவிற்கும்’, ‘உடனடியாகவும் விரைவாகவும்’ போன்ற இரட்டைகளில் ஒன்று போதும், பல இடத்தில் இரண்டுமே வேண்டாம்.

பில் எண்கள் இரண்டாவது வரைவிலேயே போய்விட்டன, சுருக்கும்போது நன்றியை வைத்துக்கொண்டு தொகையையும் தேதியையும் எடுத்துவிட்டீர்கள். எண்கள் இருந்தால் கண்ணுக்கு நீளமாகத் தெரியும் என்பதால் அப்படிச் செய்திருப்பீர்கள். எண்களை நீக்காமல் இடம் மாற்றுங்கள். கையெழுத்துக்குக் கீழே மூன்று வரியில் தேதி, பில் எண், தொகை. கடிதத்துக்குள் மொத்தத் தொகை மட்டும். அவருடைய கணக்குப்பிள்ளைக்கு அந்த மூன்று வரிதான் முக்கியம். அது இல்லை என்றால், ‘எந்த பில்லுன்னு தெரியலை, பார்த்துச் சொல்றோம்’ என்று இன்னொரு பத்து நாள் போய்விடும்.

அழுத்தம்தான் இருப்பதிலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல். நான்காவது வரைவில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: ‘உடனடியாகத் தொகையைச் செலுத்தவும். தவறும் பட்சத்தில் சட்டப்படி கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்பதைக் கண்டிப்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ இதில் மூன்று சத்தமான சொற்கள் இருக்கின்றன. தேதி இல்லை. என்ன நடவடிக்கை, யார் எடுப்பார்கள், எப்போது என்பதும் இல்லை. உங்கள் முதலாளி இந்த வாரம் வக்கீலைப் பார்க்கப் போகிறாரா? இல்லை என்றால் அந்த வரி பொய். எட்டு வருடம் வியாபாரம் செய்தவருக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்துவிட்டால் அடுத்து நீங்கள் உண்மையாகவே சொல்லும்போதும் நம்ப மாட்டார்.

அழுத்தம் மூன்று இடத்தில் இருக்கிறது: எவ்வளவு, எந்தத் தேதிக்குள், அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்வோம். மூன்றாவதுக்கு உங்களால் உண்மையாகவே செய்யக்கூடிய ஒன்றைத்தான் எழுத வேண்டும். அது என்ன என்பதை முதலாளியிடம் கேட்காமல் எழுத முடியாது. ‘அழுத்தமா எழுது’ என்று அவர் சொன்ன அந்த நிமிடமே, ‘முப்பதாம் தேதிக்குள்ள வரலைன்னா நாம என்ன செய்வோம் சார்?’ என்று கேட்டிருக்கலாம். இணைப்பில் உங்கள் டிசம்பர் வேலைத் திட்டமும் தவறுதலாக வந்திருக்கிறது. அதில் பொங்கல் பெட்டிகளுக்கு அட்டை வாங்கும் நாள் டிசம்பர் முதல் வாரம் என்று இருக்கிறது. பழைய பணம் வந்த பிறகுதான் பொங்கல் ஆர்டர் எடுப்போம் என்று முதலாளி சம்மதித்தால், அதுதான் இந்தக் கடிதத்தின் அழுத்தம். மிரட்டல் இல்லை, வசை இல்லை. ஆனால் ஸ்வீட் கடைக்காரருக்கு அது சட்டென்று உறைக்கும்.

வினைச்சொல்லிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘செலுத்தவும்’ என்பது பலகையில் எழுதும் குரல், ‘செருப்பை வெளியே விடவும்’ மாதிரி. ‘செலுத்தினால் உதவியாக இருக்கும்’ என்றால் கடமை உதவியாக மாறிவிடும், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர் இஷ்டம். ‘முடிந்தால்’ என்று ஆரம்பித்தாலும் அதே கதைதான். ‘அனுப்புங்கள்’ நேராக இருக்கிறது. ‘அனுப்பிவிடுங்கள்’ இன்னும் நல்லது. அந்த ‘விடு’ வேலையை முடித்துக் கையைக் கழுவும் சொல். வீட்டில் ‘சாப்பிட்டுடு’ என்று அம்மா சொல்வதில் இருக்கும் அதே உரிமையும் அதே கறாரும் அதில் இருக்கிறது. அன்பையும் அழுத்தத்தையும் ஒரே வினை சுமக்கிறது. இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது ‘கண்டிப்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ எதற்கு?

இதே மாதிரி இன்னொரு சொல் ‘நாம்’. உங்கள் ஆர்டர் படிவத்தில் 45 நாள் கடன் என்று அச்சிட்டு, அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்கிறது இணைப்பு. வரைவில் ‘எங்கள் நிபந்தனைப்படி 45 நாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘நாம் ஒப்புக்கொண்ட 45 நாள்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். ‘எங்கள்’ என்றால் நாங்கள் போட்ட சட்டம், நீங்கள் மீறினீர்கள் என்று ஆகிறது. ‘நாம்’ என்றால் இரண்டு பேரும் சேர்ந்து பேசிய பேச்சு. கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் தட்டிக்கழிக்கவும் முடியாது. கையெழுத்து அவருடையதும்தானே. இந்த ‘நாம்’ கடிதத்தில் ஒரு முறை வந்தால் போதும். பணம் வர வேண்டியது உங்களுக்கு மட்டும் என்பதால் மற்ற இடங்களில் ‘நாங்கள்’தான் சரி.

இதையெல்லாம் சேர்த்தால் கடிதம் இப்படி வருகிறது:

> அன்புள்ள ஐயா,
>
> வணக்கம். போன தீபாவளிக்குக் கடைசி நேரத்தில் நீங்கள் கேட்ட 2,000 பெட்டிகளை இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒட்டிய எங்கள் ஆட்கள், நீங்கள் அனுப்பிய இனிப்பை இன்றும் சொல்கிறார்கள்.
>
> இந்தத் தீபாவளிக்கு நாங்கள் அனுப்பிய பெட்டிகளில் மூன்று பில்களுக்கு ரூ.1,84,500 வர வேண்டியிருக்கிறது. நாம் ஒப்புக்கொண்ட 45 நாள் மூன்று பில்லுக்கும் முடிந்துவிட்டது. நவம்பர் 30-க்குள் முழுத் தொகையையும் அனுப்பிவிடுங்கள்.
>
> பொங்கல் பெட்டிகளுக்கு டிசம்பர் முதல் வாரம் அட்டை வாங்குகிறோம். இந்தப் பணம் வந்ததும் உங்கள் பொங்கல் ஆர்டரை எடுத்துக்கொள்கிறோம். கணக்கில் ஏதாவது ஒத்துவரவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள்.
>
> இப்படிக்கு,
> (முதலாளி கையெழுத்து)
>
> செப்டம்பர் 18, பில் 212: ரூ.72,000
> செப்டம்பர் 27, பில் 219: ரூ.64,500
> அக்டோபர் 6, பில் 231: ரூ.48,000

‘மூன்று பில்லுக்கும் முடிந்துவிட்டது’ என்று எழுதும் முன் நாளை எண்ணிப் பார்த்தேன், நீங்களும் எண்ணுங்கள். பில் போட்ட அன்றே சரக்கு போய்ச் சேர்ந்ததாக வைத்துக்கொண்டால் முதல் பில்லுக்கு நவம்பர் 2, இரண்டாவதுக்கு நவம்பர் 11, மூன்றாவதுக்கு நவம்பர் 20. நீங்கள் கடிதம் அனுப்பப்போவது 22-ஆம் தேதி என்பதால் சரியாக இருக்கிறது. 18-ஆம் தேதி அனுப்பியிருந்தால் மூன்றாவது பில்லுக்கு இன்னும் கெடு இருந்திருக்கும். அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு அவர் முழுக் கடிதத்தையும் ஒதுக்கிவிடலாம்.

இப்போது இந்தக் கடிதத்தில் மூன்று குணமும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அன்பு முதல் வரியிலும், ‘நாம்’ என்ற சொல்லிலும், ‘என்னைக் கூப்பிடுங்கள்’ என்பதிலும் இருக்கிறது. அழுத்தம் நடுப் பத்தியிலும் பொங்கல் வரியிலும் இருக்கிறது. முதலாளி நாளைக்கு ‘இன்னும் கொஞ்சம் அழுத்தமா’ என்றால் நீங்கள் இனிப்பு வரியைத் தொட வேண்டியதில்லை. பொங்கல் வரியை மட்டும் ‘இந்தப் பணம் வந்த பிறகுதான் உங்கள் பொங்கல் ஆர்டரை எடுக்க முடியும்’ என்று மாற்றுங்கள், போதும். ‘இன்னும் இதமா’ என்றால், ‘ஒரே தவணையில் சிரமம் என்றால் பேசிக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி சேர்க்கலாம், ஆனால் அது பணத்தைப் பற்றிய முடிவு. அவர் வாயால் சம்மதம் வந்த பிறகுதான் எழுத வேண்டும். தொகையும் தேதியும் பில் விவரமும் எந்தச் சுற்றிலும் அசையாது.

அதற்கு ஒரு சின்னப் பழக்கம் வைத்திருக்கிறேன். எழுத ஆரம்பிக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் மாறக்கூடாதவற்றை எழுதி மேஜையில் ஒட்டிவிடுவேன். உங்கள் கடிதத்துக்கு: ரூ.1,84,500, மூன்று பில், நவம்பர் 30, பொங்கல் ஆர்டர். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அந்தச் சீட்டோடு ஒப்பிட்டு ‘டிக்’ போட்ட பிறகுதான் கடிதம் முதலாளி அறைக்குப் போகும். இரண்டாவது வரைவிலேயே இதைச் செய்திருந்தால் பில் எண்கள் காணாமல் போனது அப்போதே தெரிந்திருக்கும். பழைய வரைவின் மேலேயே திருத்தாமல் ஒவ்வொரு சுற்றையும் தனிக் கோப்பாக வையுங்கள், எண் போட்டு. ‘முதல்ல இருந்த அந்த வரி நல்லா இருந்துச்சே’ என்று யாராவது கேட்பார்கள்.

திருத்தியதைக் கொண்டுபோகும்போது மாற்றிய வரிகளை மட்டும் மஞ்சள் பேனாவால் காட்டுங்கள். ‘அழுத்தம் கேட்டீங்க, இந்த இரண்டு வரி மாத்தியிருக்கேன்’ என்று சொல்லிக் கொடுங்கள். முழுத் தாளையும் புதிதாகக் கொடுத்தால் அவர் முழுவதையும் புதிதாகத்தான் படிப்பார். புதிதாகப் படித்தால் புதிதாக ஏதாவது தோன்றும், அது இயல்பு. உங்கள் நான்கு சுற்றில் ஒன்றாவது இப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன். அவர் ஒரு சொல் சொன்னதும் ‘சரிங்க சார்’ என்று திரும்பி வராமல், தாளை அவர் முன்னால் வைத்து, ‘எந்த இடத்துல அப்படித் தோணுச்சு?’ என்று கேளுங்கள். விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு வரியில், சில சமயம் ஒரே சொல்லில் விரலை வைப்பார்கள்.

விரல் வைக்க முடியாமல் ‘மொத்தமாவே அப்படித்தான் இருக்கு’ என்றால் அப்போது கவனமாக இருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கம்பெனிக்காக இதே மாதிரி நிலுவைக் கடிதம் ஒன்றை ஏழு முறை திருத்தினேன். விற்பனைப் பிரிவு மேலாளர் ‘இதமா எழுதுங்க’ என்பார், கணக்குப் பிரிவுக்காரர் ‘கறாரா எழுதுங்க’ என்பார். நான் இரண்டு அறைக்கும் மாறி மாறி நடந்தேன், என் எழுத்தில்தான் ஏதோ குறை என்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தேன். உண்மையில் அந்த வாடிக்கையாளருக்கு இன்னும் ஒரு மாதம் அவகாசம் கொடுப்பதா வேண்டாமா என்பதையே அவர்கள் முடிவுசெய்திருக்கவில்லை. அதைக் கடிதத்தின் தொனி வழியாகப் பேசித் தீர்க்கப் பார்த்தார்கள். ஏழாவது சுற்றில் இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து ‘தேதி என்ன?’ என்று மட்டும் கேட்டேன். பத்து நிமிடத்தில் முடிவு வந்தது, கடிதம் அன்று மாலையே போனது.

உங்கள் முதலாளியும் அன்பு, அழுத்தம், மறுபடி அன்பு என்று ஒரு வட்டம் சுற்றி வந்திருக்கிறார். பழைய வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்ற பயமும் பணம் வேண்டும் என்ற நெருக்கடியும் அவருக்குள்ளேயே இழுத்துக்கொண்டிருக்கின்றன என்று எனக்குப் படுகிறது. ஆகவே ஐந்தாவது வரைவைக் கொண்டுபோகும் முன், பொங்கல் ஆர்டரை நிறுத்தச் சம்மதமா இல்லையா என்பதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சம்மதம் இல்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அவர் செய்யத் தயாராக இல்லாததைக் கடிதம் சொல்லக்கூடாது.

முதல் கடிதத்தையே அனுப்பலாமா என்று கேட்டீர்கள். அதிலிருந்து எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், வாக்கியங்களை விட்டுவிடுங்கள்.

நவம்பர் 30 தாண்டியும் பணம் வரவில்லை என்றால் இதே கடிதத்தை இன்னும் அழுத்தமாக்கி அனுப்ப வேண்டாம். அது வேறு கடிதம். இதைத் திருத்திக்கொண்டே போனால் இனிப்பு வரியும் சட்டமும் ஒரே தாளில் வந்து இரண்டுமே கெட்டுவிடும். அந்த இரண்டாவது கடிதத்தில் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடலாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் வாங்குபவர் இழுக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். உங்கள் கம்பெனி குறு அல்லது சிறு தொழிலாக உத்யம் பதிவு செய்திருக்க வேண்டும், சரக்கு அனுப்பும் முன்பே பதிவு இருந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட நிலுவைப் புகார்களை விசாரிக்க இந்தச் சட்டப்படி அமைந்ததுதான் பெசிலிடேஷன் கவுன்சில். அப்போதும் ‘கடும் நடவடிக்கை’ வேண்டாம். ‘டிசம்பர் 15-க்குள் வரவில்லை என்றால் 16-ஆம் தேதி பெசிலிடேஷன் கவுன்சிலில் மனு கொடுக்கிறோம்’ என்று, முதலாளி உண்மையாகவே கொடுக்கத் தயாராக இருந்தால் மட்டும், ஒரே வரி எழுதுங்கள்.